பதிலைப் புரட்டிப் போடலாமா?

2-ஐவிடப் பெரிய ஒவ்வொரு இரட்டைப்படை எண்ணையும் இரண்டு பகா எண்களின் கூட்டலாக எழுத முடியுமா? 10 என்றால் 3+7. 28 என்றால் 5+23. கிறிஸ்டியன் கோல்ட்பாக் 1742-ல் ஆய்லருக்கு எழுதிய கடிதத்திலிருந்து பிறந்த இந்தக் கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை. ஆனால் இதைச் சோதிக்கும் நிரலைக் கல்லூரி முதலாண்டு மாணவரே எழுதிவிடலாம். 4, 6, 8 என்று வரிசையாக எடுத்துக்கொண்டு, அப்படிப் பிரிக்க முடியாத எண் ஒன்று அகப்பட்டால் நின்றுவிட வேண்டும், அவ்வளவுதான். 4×10¹⁸ வரை கணினியில் பார்த்தாயிற்று. அப்படி ஓர் எண் அகப்படவில்லை.

இந்த நிரல் ஒருநாள் நிற்குமா? நிற்கும் என்பது உண்மையானால், காத்திருந்தால் போதும், அது நிற்பதை என்றாவது கண்ணால் பார்த்துவிடலாம். நிற்காது என்பது உண்மையானால், காத்திருந்து பயனில்லை. ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு நிரல், இன்னும் நிற்கவில்லையா, இனி நிற்கவே போவதில்லையா என்பதைத் தன் ஓட்டத்தின் எந்தக் கட்டத்திலும் நமக்குக் காட்டிக் கொடுப்பதில்லை. ‘ஆம்’ வந்து சேரும், ‘இல்லை’ வந்து சேராது. கணிமைக் கோட்பாட்டில் மாணவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் ஓர் இடத்துக்கு இந்த ஏற்றத்தாழ்வுதான் காரணம். பாடப்புத்தகங்கள் அதை ஒரு பத்தியில் கடந்துவிடுகின்றன. அது நியாயமில்லை என்பது என் எண்ணம்.

இரண்டு சொற்களை மட்டும் முதலில் வைத்துக்கொள்வோம். ஆம், இல்லை என்று பதில் கேட்கும் எந்தக் கேள்வியிலும், ‘ஆம்’ வரவேண்டிய உள்ளீடுகள் அனைத்தையும் சேர்த்து ஒரு மொழி என்பார்கள். மொழியில் உள்ள உள்ளீட்டுக்கு ‘ஆம்’, இல்லாததற்கு ‘இல்லை’ என்று எப்போதும் பதில் சொல்லி முடிக்கும் நிரல் இருந்தால் அந்த மொழி தீர்மானிக்கத்தக்கது. மொழியில் உள்ளவற்றுக்கு என்றாவது ஒருநாள் ‘ஆம்’ சொல்லிவிடும், இல்லாதவற்றுக்கு ஒருபோதும் ‘ஆம்’ சொல்லாது, ஆனால் அவற்றின் மேல் முடிவில்லாமல் ஓடிக்கொண்டிருக்கலாம் என்று சலுகை கொடுத்தால் அது அடையாளங்காணத்தக்கது. கோல்ட்பாக் நிரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இரண்டாவது வகை வேலை.

நிரல் P, அதற்கான உள்ளீடு x என்ற இணைகளை எடுத்துக்கொள்வோம். x-ஐக் கொடுத்தால் P என்றாவது நின்றுவிடும் என்ற இணைகளை எல்லாம் ‘நிற்பவை’ என்போம். மற்றவை ‘நிற்காதவை’. நிற்பவை அடையாளங்காணத்தக்கது: P-ஐ ஓட்டிப் பார்ப்பதே வழி. ஆனால் அது தீர்மானிக்கத்தக்கது அல்ல. ஆலன் டூரிங் 1936-ல் தொடங்கிவைத்த வாதம் இது. நிற்காதவை என்ற மொழியோ அடையாளங்கூடக் காணமுடியாதது. காரணம் எளிது. நிற்பவைக்கு ஒரு கண்காணிப்பாளர் நிரல், நிற்காதவைக்கு ஒரு கண்காணிப்பாளர் நிரல் என்று இரண்டும் இருந்தால், இரண்டையும் மாற்றி மாற்றி ஒவ்வோர் அடியாக ஓட்டலாம். இரண்டில் ஒன்று நிச்சயம் ‘ஆம்’ சொல்லும். உடனே நிற்பவை தீர்மானிக்கத்தக்கதாகிவிடும். அது முடியாது என்பதால் இரண்டாவது கண்காணிப்பாளர் இருக்க வழியில்லை.

ஆக, அடையாளங்காண முடியாத மொழி ஒன்று கைவசம் இருக்கிறது. புதிய மொழி ஒன்றும் அப்படித்தான் என்று காட்ட வேண்டுமென்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யத் தேவையில்லை. ‘புதிய மொழியை அடையாளங்காண முடிந்தால் நிற்காதவையையும் அடையாளங்காண முடியும்’ என்று காட்டினால் போதும். ஒரு கேள்வியை இன்னொரு கேள்வியாக மாற்றும் இந்த வேலைதான் ரிடக்‌ஷன். அதில் இரண்டு வகை உண்டு. வகை மாறினால் விடையே மாறிவிடும்.

முதலாவது டூரிங் 1939-ல் வெளியிட்ட ஆய்வில் வருகிறது. பிரின்ஸ்டனில் அலோன்சோ சர்ச்சிடம் அவர் செய்த முனைவர் பட்ட வேலை அது. B என்ற மொழியைப் பற்றி எதைக் கேட்டாலும் அந்தக் கணமே சரியான பதிலைத் தரும் ஒரு குறிசொல்லி நம் நிரலுக்குப் பக்கத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது எப்படி வேலை செய்கிறது என்று டூரிங் விளக்கவில்லை. அது எந்திரமாக இருக்க முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். நம் நிரல் அதனிடம் எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம். ஒரு பதிலை வைத்து அடுத்த கேள்வியை அமைக்கலாம். வந்த பதில்களைக் கூட்டலாம், குறைக்கலாம், தலைகீழாகப் புரட்டலாம். அப்படி A-வைத் தீர்மானித்துவிட முடிந்தால், A-வுக்கும் B-க்கும் இடையில் டூரிங் ரிடக்‌ஷன் இருக்கிறது என்பார்கள்.

இரண்டாவது வகையைத் தெளிவாக வரையறுத்துப் பயன்படுத்தியவர் நியூயார்க்கில் பேராசிரியராக இருந்த எமில் போஸ்ட். ஆண்டு 1944. இதில் குறிசொல்லிக்கு வேலை மிகக் குறைவு. A-வைப் பற்றிய கேள்வி w என்றால், அதை B-யைப் பற்றிய ஒரே கேள்வி f(w) ஆக மாற்ற வேண்டும். f எப்போதும் வேலையை முடித்து நிற்கும் ஒரு நிரல். w மொழி A-வில் இருந்தால் f(w) மொழி B-யில் இருக்க வேண்டும். w அங்கே இல்லையென்றால் f(w) இங்கேயும் இருக்கக் கூடாது. B தரும் பதிலை அப்படியே, கை வைக்காமல், A-வின் பதிலாக ஒப்படைத்துவிட வேண்டும். இதற்கு இன்றைய வகுப்பறைப் பெயர் மேப்பிங் ரிடக்‌ஷன். A ≤m B என்று எழுதுவார்கள்.

மேப்பிங் ரிடக்‌ஷன் எல்லாமே டூரிங் ரிடக்‌ஷனும்தான்: ஒரு கேள்வி கேட்டு, பதிலைத் திருத்தாமல் சொல்லும் சிறப்பு வகை. டூரிங் ரிடக்‌ஷன் கையில் கூடுதல் சுதந்திரம் இருக்கிறது. அப்படியானால் அதையே எங்கும் பயன்படுத்தலாமே என்று தோன்றும். மாணவர் ஒருவர் எழுதக்கூடிய பதிலைப் பாருங்கள்:

‘நிற்காதவை என்ற மொழியைத் தீர்க்க, நிற்பவைக்கான குறிசொல்லியிடம் (P, x) பற்றிக் கேட்கிறேன். அது ஆம் என்றால் நான் இல்லை என்கிறேன்; இல்லை என்றால் ஆம் என்கிறேன். ஆகவே நிற்காதவையிலிருந்து நிற்பவைக்கு ரிடக்‌ஷன் உண்டு. நிற்காதவை அடையாளங்காண முடியாதது. ஆகவே நிற்பவையும் அடையாளங்காண முடியாதது.’

முதல் மூன்று வாக்கியங்களில் ஒரு குற்றமும் இல்லை. அங்கே இருப்பது முறையான டூரிங் ரிடக்‌ஷன். நான்காவது வாக்கியமும் உண்மை. கடைசி வாக்கியம் மட்டும் அப்பட்டமான பொய், ஏனென்றால் நிற்பவையை அடையாளங்காணும் வழியைச் சற்று முன்னர்தான் பார்த்தோம்: ஓட்டிப் பார்.

தவறு எங்கே நுழைந்தது? குறிசொல்லி இருந்த நாற்காலியில் உண்மையான நிரலை உட்கார வைக்கும் இடத்தில். குறிசொல்லி ‘இல்லை’ என்று வாய்திறந்து சொல்லும். நிற்பவையை அடையாளங்காணும் நிரல் ‘இல்லை’ என்று சொல்லாது. அது ஓடிக்கொண்டே இருக்கும். புரட்டிப் போடுவதற்கு அங்கே பதில் என்று ஒன்று வந்தே சேராது. மேப்பிங் ரிடக்‌ஷனில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. w-ஐ f(w) ஆக்கிவிட்டு B-யின் கண்காணிப்பாளரை ஓட்டுகிறோம். அது ‘ஆம்’ என்றால் நாமும் ‘ஆம்’. அது முடிவில்லாமல் ஓடினால் நாமும் ஓடுகிறோம். அந்தச் சலுகை A-வுக்கும் உண்டே. அதனால் A ≤m B என்று இருந்து, A அடையாளங்காண முடியாதது என்றால், B-யும் அப்படியே என்று உறுதியாகச் சொல்லலாம். தீர்மானிக்கத்தக்கதா என்பது மட்டுமே கேள்வி என்றால் டூரிங் ரிடக்‌ஷனே போதும். தீர்மானிக்கும் நிரல் ‘இல்லை’யையும் சொல்லிவிடுமாதலால் புரட்டுவதில் தடையில்லை.

இந்த வேறுபாட்டை விளக்கும்போது பலர் கேள்விகளின் எண்ணிக்கையில் பழியைப் போடுவார்கள்: ஒன்று கேட்டால் மேப்பிங், பல கேட்டால் டூரிங் என்று. எண்ணிக்கைக்கும் இதற்கும் பெரிய தொடர்பில்லை. ஆறு நிரல்களைக் கொடுத்து ‘ஆறும் நிற்குமா?’ என்று கேளுங்கள். ஆறு கேள்விகள்தான். ஆனால் ஆறையும் ஓட்டலாம், ஆறும் நின்றதும் ‘ஆம்’ சொல்லலாம். அடையாளங்காணத்தக்கது. ‘ஒன்றாவது நிற்குமா?’ என்றாலும் ஆறையும் மாற்றி மாற்றி ஓட்டினால் போதும். இப்போது இரண்டே நிரல்களை எடுத்துக்கொண்டு, ‘சரியாக ஒன்று மட்டும் நிற்குமா?’ என்று கேளுங்கள். கேள்விகளின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது, ஆனால் மொழி அடையாளங்காண முடியாததாகிவிட்டது. உடனடியாக நிற்கும் நிரல் ஒன்றை முதலாவதாகவும், நம் (P, x)-ஐ இரண்டாவதாகவும் வைத்தால், சரியாக ஒன்று மட்டும் நிற்பது என்பது P நிற்காமல் போவதற்குச் சமம். நிற்காதவையிலிருந்து ஒரே வரியில் மேப்பிங் ரிடக்‌ஷன் கிடைத்துவிட்டது. கேள்வியில் எங்கோ ஓர் ‘இல்லை’ ஒளிந்திருந்தால்தான் ஆபத்து.

இனி கொஞ்சம் கடினமான ஒன்றுக்குப் போவோம். எந்த உள்ளீட்டைக் கொடுத்தாலும் நின்றுவிடும் நிரல்களை எல்லாம் சேர்த்து ‘எங்கும் நிற்பவை’ என்போம். உள்ளீடுகள் 0, 1, 2 என்ற எண்கள் என்று வைத்துக்கொள்வோம். நடைமுறையில் எல்லாரும் விரும்பும் குணம் இது. எதைக் கொடுத்தாலும் தொங்கிப் போகாத நிரல் யாருக்குத்தான் வேண்டாம்? இந்த மொழியை அடையாளங்காண முடியாது என்று காட்ட வேண்டும்.

பலர் முதலில் எழுதுவது இதுதான்:

```python
def Q(n):
    run(P, x)
    return True
```

Q தன் உள்ளீடு n-ஐக் கண்டுகொள்வதே இல்லை. P-ஐ x-உடன் ஓட்டிவிட்டு முடிக்கிறது. P நின்றால் Q எல்லா எண்ணுக்கும் நிற்கும். P நிற்காவிட்டால் Q எதற்கும் நிற்காது. சரியான மேப்பிங் ரிடக்‌ஷன்தான். ஆனால் நிற்பவையிலிருந்து எங்கும் நிற்பவைக்குப் போகிறது. நிற்பவை அடையாளங்காணத்தக்க மொழி என்பதால், புதிய மொழி தீர்மானிக்க முடியாதது என்பதற்கு மேல் இதிலிருந்து நேரடியாக எதுவும் பெயராது. நமக்குத் தேவையானது நிற்காதவையிலிருந்து தொடங்கும் ரிடக்‌ஷன்: P நிற்காவிட்டால் Q எங்கும் நிற்க வேண்டும், P நின்றால் Q எங்காவது தொங்க வேண்டும்.

இங்கேதான் கை தானாகப் புரட்டப் பார்க்கும். ‘P-ஐ ஓட்டு, அது நின்றால் முடிவில்லாமல் சுற்று, நிற்காவிட்டால் நின்றுவிடு’ என்று எழுதத் தோன்றும். படிக்க நன்றாக இருக்கும், ஓட்ட முடியாது. ‘நிற்காவிட்டால்’ என்ற கிளைக்குள் Q எந்தக் கணத்தில் நுழையும்? P ஓடிக்கொண்டிருக்கும்வரை Q-வும் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கும். விடைத்தாள் திருத்துபவர் முதலில் தேட வேண்டியது இந்த ‘நிற்காவிட்டால்’ என்ற சொல்லைத்தான்.

இதிலிருந்து தப்பும் வழி அழகானது. வீணாகக் கிடக்கும் n-ஐக் கடிகாரமாக்கிவிடலாம்.

```python
def Q(n):
    if halts_within(P, x, n):
        while True:
            pass
    return True
```

`halts_within` என்பது P-ஐ x-உடன் n அடிகள் மட்டும் ஓட்டிப் பார்த்து, அதற்குள் நின்றதா இல்லையா என்று சொல்லும். எல்லை இருப்பதால் அது எப்போதும் முடிந்துவிடும். ‘n அடிகளுக்குள் நிற்கவில்லை’ என்ற இந்தச் சிறிய ‘இல்லை’ நம் கைக்கு வந்து சேரக்கூடிய ‘இல்லை’.

சோதித்துப் பார்ப்போம். P சரியாக 5 அடிகளில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். Q(0) முதல் Q(4) வரை ஒழுங்காக நிற்கும், ஏனென்றால் அந்த நேரத்துக்குள் P நின்றிருக்காது. Q(5)-ல் P நின்றது தெரிந்துவிடுகிறது, Q சுழலில் மாட்டிக்கொள்கிறது. Q(6), Q(7) என்று அதற்குப் பிறகு எல்லாமே தொங்கும். ஆகவே Q எங்கும் நிற்பவையில் இல்லை. மாறாக P நிற்கவே நிற்காது என்றால், எந்த n-ஐக் கொடுத்தாலும் அத்தனை அடிகளுக்குள் அது நின்றிருக்காது. Q ஒவ்வொரு n-க்கும் நிற்கும். (P, x)-லிருந்து Q-வின் வரிகளை எழுதித் தருவதுதான் f. அது P-ஐ ஓட்டுவதே இல்லை, நிரலின் எழுத்துகளை ஒட்டித் தருகிறது, அவ்வளவே. அதனால் f எப்போதும் முடியும். நிற்காதவையிலிருந்து எங்கும் நிற்பவைக்கு மேப்பிங் ரிடக்‌ஷன் கிடைத்துவிட்டது. எங்கும் நிற்பவை அடையாளங்காண முடியாதது.

முதலில் எழுதிய எளிய Q-வும் வீண்போகவில்லை. அது நிற்பவையை எங்கும் நிற்பவைக்கு அனுப்பியது. மேப்பிங் ரிடக்‌ஷனின் இரு முனைகளையும் ஒருசேர எதிர்ப்பதமாக்கினால் அது அப்படியே செல்லும். எனவே நிற்காதவையிலிருந்து, ‘எங்காவது தொங்கும் நிரல்கள்’ என்ற எதிர்மொழிக்கும் ரிடக்‌ஷன் ஆகிவிட்டது. ஆக, எப்போதும் நிற்கும் நிரல்களையும் அடையாளங்காண முடியாது, எங்காவது தொங்கும் நிரல்களையும் அடையாளங்காண முடியாது. இரண்டு முடிவுகளுக்கு இரண்டு தனித்தனி Q-க்கள் தேவைப்பட்டன என்பதைக் கவனியுங்கள்.

டூரிங் ரிடக்‌ஷனால் இப்படிப் பிரித்துச் சொல்ல முடியாது. குறிசொல்லியின் பதிலைப் புரட்டலாம் என்றாகிவிட்டால், B-க்குப் போகும் ரிடக்‌ஷன் எதுவும் B-யின் எதிர்மொழிக்கும் போகும். அதை வைத்து ‘B அடையாளங்காண முடியாதது’ என்று முடிவுகட்டினால், அதே மூச்சில் எதிர்மொழியும் அப்படித்தான் என்று முடிவுகட்டியாக வேண்டும். இதுவே ஒரு நல்ல சோதனைக் கருவி. எந்த உள்ளீட்டிலும் நிற்காத நிரல்களின் மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘எங்கும் நிற்காதவை’ என்போம். இது அடையாளங்காண முடியாதது. அந்த எளிய Q-வே சான்று: P நிற்காதபோது Q எந்த எண்ணுக்கும் நிற்பதில்லை. ஆனால் இதன் எதிர்மொழி, அதாவது எங்காவது ஒரு எண்ணுக்காவது நிற்கும் நிரல்கள், அடையாளங்காணத்தக்கது. 0-க்கு ஓர் அடி, பிறகு 0, 1-க்கு இரண்டிரண்டு அடிகள், பிறகு 0, 1, 2-க்கு மும்மூன்று அடிகள் என்று விரித்துக்கொண்டே போனால், நிற்கும் இடம் ஒன்று இருந்தால் அகப்பட்டே தீரும். உங்கள் வாதத்தில் மொழியின் பெயரை எடுத்துவிட்டு எதிர்மொழியின் பெயரை வைத்துப் பாருங்கள். வாதம் அப்போதும் அசையாமல் நின்றால், அது டூரிங் ரிடக்‌ஷன். தீர்மானிக்க முடியாமையைத் தவிர வேறு எதையும் அது காட்டவில்லை.

இங்கே ஒரு கூடுதல் செய்தி. நிற்பவையிலிருந்து எங்கும் நிற்காதவைக்கு டூரிங் ரிடக்‌ஷன் இருக்கிறது: Q-வைப் பற்றிக் கேட்டுப் பதிலைப் புரட்டினால் ஆயிற்று. மேப்பிங் ரிடக்‌ஷனோ இல்லை, இருக்கவும் முடியாது. இருந்தால் இரு முனைகளையும் எதிர்ப்பதமாக்கி, நிற்காதவையை அந்த அடையாளங்காணத்தக்க எதிர்மொழிக்கு அனுப்பிவிடலாம், நிற்காதவை அடையாளங்காணத்தக்கதாகிவிடும். இன்னும் கெட்டிக்காரர் ஒருவர் வந்து f-ஐக் கண்டுபிடித்துவிடுவார் என்று எதிர்பார்க்க இடமே இல்லை.

கணிமையின் இன்னொரு மூலையில் இதே வேறுபாடு இன்னும் தீராமல் கிடக்கிறது. ஸ்டீபன் குக் 1971-ல் என்பி முழுமையை நிறுவியபோது கையாண்டது குறிசொல்லியிடம் கேட்கும் வகை. ரிச்சர்ட் கார்ப் 1972-ல் 21 கணக்குகளை அடுக்கியபோது கையாண்டது பதிலை அப்படியே ஒப்படைக்கும் வகை. அங்கே புரட்டுவதால் உண்மையில் ஏதாவது கெடுகிறதா என்பது, என்பியும் அதன் எதிர்வகுப்பும் ஒன்றா என்ற திறந்த கேள்வியோடு பிணைந்திருக்கிறது. நம் பக்கத்தில் அந்த ஐயம் இல்லை. கெடுகிறது என்பது நிறுவப்பட்டது.

‘தீர்மானிக்க முடியாது’ என்பதோடு நிறுத்திக்கொண்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். நிறையவே குறையும். நிற்பவை தீர்மானிக்க முடியாததுதான். ஆனாலும் நிற்கும் ஒவ்வொரு (P, x)-க்கும் ஒரு சான்று உண்டு: அதன் ஓட்டத்தை முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை எழுதிவைத்தால், யாரும் சரிபார்க்கலாம். சான்றைத் தேடுவது நீண்டுபோகலாம். சான்றே இல்லாமல் போகாது. எங்கும் நிற்பவையின் நிலை வேறு. நிரல் எப்போதும் நிற்கும் என்பதற்கான நிறுவல்களை எழுத ஏதோ ஒரு விதித்தொகுப்பு இருக்கிறது என்று கொள்வோம். நிறுவல் சரியா என்று கணினி சரிபார்க்கலாம், அந்த விதிகள் பொய்யை நிறுவாது. எப்போதும் நிற்கும் ஒவ்வொரு நிரலுக்கும் அதில் ஒரு நிறுவல் இருந்தால், எழுத்துச் சரங்களை நீளவாரியாக எடுத்து ஒவ்வொன்றையும் ‘இது இந்த நிரலுக்கான நிறுவலா?’ என்று பார்த்துக்கொண்டே போகலாம். என்றாவது அகப்படும். அதாவது எங்கும் நிற்பவை அடையாளங்காணத்தக்கதாகிவிடும். அது முடியாதென்று காட்டியாயிற்று. எனவே அந்த விதித்தொகுப்பு எதுவாக இருந்தாலும், எப்போதும் நிற்கும், ஆனால் அப்படி நிற்கும் என்று அதற்குள் நிறுவ முடியாத நிரல்கள் இருந்தே தீரும்.

அக்டா, காக் போன்ற நிறுவல் மொழிகளில் எழுதுபவர்கள் இதன் ஒரு விளிம்பை அன்றாடம் தொட்டுப் பார்க்கிறார்கள். இவை, முடியும் என்று தமக்குப் புரியாத சார்பை ஏற்பதில்லை. வரிசைப்படுத்தும் குவிக்சார்ட்டைப் பாடப்புத்தகத்தில் உள்ளபடி எழுதிக் கொடுத்தால் காக் மறுத்துவிடும். பட்டியலை இரண்டாகப் பிரித்தபின் கிடைக்கும் துண்டுகள் மூலப் பட்டியலைவிடச் சிறியவை என்பது அதன் எளிய சோதனைக்குத் தெரிவதில்லை. துண்டின் நீளம் ஒவ்வொரு முறையும் குறைகிறது என்று நாமே நிறுவிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும். குவிக்சார்ட்டுக்கு அந்த நிறுவல் சில வரிகளில் முடிந்துவிடுகிறது. எந்த விதித்தொகுப்பை எடுத்தாலும் அதன் நிறுவல்களால் எட்ட முடியாத நிரல்கள் இருக்கின்றன என்பதைச் சொல்ல, n-ஐக் கடிகாரமாக்கிய அந்த இரண்டாவது Q தேவைப்பட்டது.